ஸ்கேட்டிங் கேட்கும் எட்டு வயதுக்கு எதை வாங்குவது? ஹெல்மெட், பேட், ஸ்கூட்டர்: ஓர் ஒப்பீடு

"எட்டு வயசுப் பொண்ணு. ஸ்கேட்டிங் வேணும்னு அடம் பிடிக்கிறா. நேரா ஸ்கேட் வாங்கலாமா, இல்ல முதல்ல ஆடாத ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கிப் பழக்கலாமா? ஹெல்மெட், பேட் எல்லாம் செட்டா விக்கிறாங்களே, அது போதுமா?" இந்தக் கேள்வி எனக்கு வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பத்துப் பொருள்களை ஆன்லைனில் பார்த்துக் களைத்துப் போனவர்கள். எல்லாவற்றுக்கும் நான்கரை நட்சத்திரம், எல்லாவற்றிலும் சிரிக்கும் குழந்தையின் படம்.

இங்கே ஸ்கேட்டிங் என்று நான் சொல்வது காலில் மாட்டும் சக்கர ஸ்கேட்டை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு சக்கரம் வைத்த குவாடாக இருக்கலாம், ஒரே வரிசையில் சக்கரம் வைத்த இன்லைனாக இருக்கலாம். பலகையாக வரும் ஸ்கேட்போர்டுக்குக் கணக்கே வேறு, அதை இதில் கலக்கவில்லை. ஸ்கூட்டர் என்பது பலகையில் நின்று காலால் உதைத்து ஓட்டும் கிக் ஸ்கூட்டர்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பிள்ளை எந்தப் பக்கம் விழும் என்பது. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. ஆனால் மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

ஸ்கேட் போட்ட பிள்ளைக்குக் கால் இரண்டும் முன்னால் ஓடிவிடும். உடம்பு பின்னால் சாயும், புட்டம் தரையில் இடிக்கும், அடுத்து பின்னந்தலை. தப்பித்து முன்னால் விழுந்தால் இரண்டு உள்ளங்கையையும் நீட்டி ஊன்றும். ஸ்கூட்டரில் நடப்பது வேறு. முன்சக்கரம் ஒரு கல்லிலோ பள்ளத்திலோ சட்டென்று நின்றுவிடும், பிள்ளை ஹேண்டிலுக்கு மேலே முன்னால் போகும். கை ஹேண்டிலைப் பிடித்தபடி இருப்பதால் ஊன்ற நேரம் கிடைக்காது. முழங்கால், முழங்கை, தாடை, நெற்றி என்று முன்பக்கம்தான் அடி வாங்கும்.

இரண்டாவது, இன்றைக்குப் பொருந்துகிறதா என்பது. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடுத்தா ரெண்டு வருஷம் வரும்" என்ற கணக்கு பாவாடைக்குச் சரி. ஹெல்மெட்டுக்கும் முழங்கால் பேடுக்கும் அது ஆகாது. நழுவும் பேட் விழும் அந்த நொடியில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

மூன்றாவது, உங்கள் வீட்டுத் தரை. பளபளவென்ற சிமென்ட் பார்க்கிங்கா, பேவர் பிளாக் பதித்த பாதையா, ஜல்லி தெறித்த தெருவா? நான்காவது, மறைந்திருக்கும் செலவு: எது எத்தனை நாளில் மாற்ற வேண்டியிருக்கும், உதிரிச் சக்கரம் கிடைக்குமா, வகுப்பில் மாஸ்டர் வேறு ஏதாவது வாங்கச் சொல்வாரா என்பதெல்லாம்.

## ஹெல்மெட்: நான்கு வகை

சைக்கிள் ஹெல்மெட். நிறையக் காற்றுத் துளைகள், நீள வடிவம், பின்னால் கொஞ்சம் கூராக முடியும். உள்ளே வெள்ளை அல்லது கறுப்பு தெர்மாகோல் போன்ற கெட்டி நுரை இருக்கும். அடி விழும்போது இந்த நுரை நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்கிறது. எடை குறைவு, நம் வெயிலுக்கு இதமானது. குறை என்னவென்றால், பல சைக்கிள் ஹெல்மெட்டுகள் பின்னந்தலையில் மேலேயே நின்றுவிடும். ஸ்கூட்டருக்கு இது பரவாயில்லை. பின்னால் விழும் ஸ்கேட்டருக்குப் போதாது.

கிண்ண வடிவ ஸ்கேட் ஹெல்மெட். உருண்டையாக, பின்னந்தலையைக் கழுத்தின் மேல்பகுதி வரை மூடியபடி இருக்கும். துளை குறைவு, வியர்க்கும். ஸ்கேட்டிங்கில் விழும் விதத்துக்கு வடிவம் பொருந்துகிறது. ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் இதையே போடலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, கீழே சொல்கிறேன்.

குழந்தைகளுக்கான பைக் ஹெல்மெட். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதே என்று பலர் இதைப் போட்டு அனுப்புகிறார்கள். ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர எண் இருசக்கர மோட்டார் வாகன ஹெல்மெட்டுக்கு உரியது. அதன் நுரை பெரிய அடியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. எடை ஸ்கேட் ஹெல்மெட்டைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். எட்டு வயதுக் கழுத்து அந்தச் சுமையோடு சமநிலை பழக முடியாது. காதை மூடுவதால் பின்னால் வருபவர் கூப்பிடுவதும் கேட்காது. வண்டியில் பின்னால் உட்காரும்போது அதுதான் வேண்டும், ஸ்கேட்டுக்கு வேண்டாம்.

செட்டில் வரும் ஹெல்மெட். சில நூறு ரூபாய்க்கு முழங்கால், முழங்கை, மணிக்கட்டு பேடுகளோடு சேர்ந்து ஒரு பையில் வருவது. தலைகீழாகத் திருப்பி உள்ளே பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஓடும், அதில் ஒட்டிய நான்கு ஸ்பாஞ்சுத் துண்டும் மட்டும் இருந்தால் அது தொப்பிதான். ஸ்பாஞ்சு இதத்துக்காக. அடியை வாங்கும் கெட்டி நுரை விரல் தடிமனுக்கு உச்சி முழுக்கப் பரவியிருக்க வேண்டும். கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்தாலே தெரியும்: ஸ்பாஞ்சு அமுங்கும், கெட்டி நுரை அமுங்காது.

இப்போது அந்த நிபந்தனை. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஈ.என். 1078 என்ற எண்ணைத் தேடுங்கள். இது ஐரோப்பியத் தரம். சைக்கிள், ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட் மூன்றுக்கும் சேர்த்து எழுதப்பட்டது என்பதால் நம் தேவைக்கு நேராகப் பொருந்துகிறது. அமெரிக்காவில் சைக்கிளுக்கு சி.பி.எஸ்.சி. தரம், ஸ்கேட்டுக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப் 1492 என்று தனித்தனியாக உண்டு. இரண்டும் ஒரே ஹெல்மெட்டில் இருந்தால் நல்லது. எஃப் 1492 மட்டும் இருந்தால் அது சின்னச் சின்ன அடிகளைப் பலமுறை தாங்கும் மென்நுரை ஹெல்மெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அரங்குக்குள் பழக அது போதும். தெருவில் சைக்கிளுக்கோ வேக ஸ்கூட்டருக்கோ அதை நம்ப வேண்டாம்.

இந்தச் சோதனைகளில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் எண்ணின் அருமை புரியும். தலை வடிவம் ஒன்றை ஹெல்மெட்டுக்குள் வைத்து இரும்புத் தளத்தின் மேல் போடுகிறார்கள். சமதளச் சோதனையில் ஐரோப்பியத் தரத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், அமெரிக்க சைக்கிள் தரத்தில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து. 125 சென்டிமீட்டர் உயரப் பிள்ளை ஸ்கேட் மாட்டி நின்றால் உச்சந்தலை கிட்டத்தட்ட 135-ல் இருக்கும். ஆக, வேகமே இல்லாமல் நின்ற இடத்தில் மல்லாக்க விழுவதே சோதனை அளவுக்கு அருகில் வருகிற அடி. "மெதுவாத்தானே ஓட்டுறா" என்பது ஹெல்மெட் இல்லாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது.

சில விலை கூடிய ஹெல்மெட்டுகளில் உள்ளே மஞ்சள் நிற மெல்லிய வலை போன்ற அடுக்கு இருக்கும், மிப்ஸ் என்று எழுதியிருக்கும். சாய்வாக அடிபடும்போது ஹெல்மெட் தலையின் மேல் சில மில்லிமீட்டர் நழுவ விட்டு, தலை திருகும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அது. பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் சரியாகப் பொருந்தாத மிப்ஸ் ஹெல்மெட்டை விட, நன்றாகப் பொருந்தும் சாதாரண ஈ.என். 1078 ஹெல்மெட்டையே நான் எடுப்பேன்.

### பொருத்தம் பார்ப்பது

தையல் டேப்பைப் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, நெற்றி நடுவே சுற்றிப் பின்னந்தலையின் புடைப்பு வரை கொண்டு போய் அளக்க வேண்டும். இந்த வயதில் பெரும்பாலும் 51-லிருந்து 54 சென்டிமீட்டருக்குள் வரும். எண்ணெய் வைத்து எந்தச் சடையோடு வகுப்புக்குப் போவாளோ அதே சடையோடு அளக்கவும். உச்சியில் கட்டிய குதிரைவால் ஹெல்மெட்டை மேலே தூக்கிவிடும். கழுத்தோரமாக இறக்கிக் கட்டிய ஒற்றைச் சடையோ இரட்டைச் சடையோதான் வசதி.

போட்டதும் வாரை மாட்டாமல் குனிந்து தலையை ஆட்டச் சொல்லுங்கள். விழக்கூடாது. வாரை மாட்டி, முன் விளிம்பை உள்ளங்கையால் மேல் நோக்கித் தள்ளுங்கள். நெற்றி திறந்துகொண்டால் அளவு பெரிது. இரண்டு பக்க வாரும் காதுக்குக் கீழே ஆங்கில வி எழுத்து போலச் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் போதும். வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டால் ஹெல்மெட் தலையைக் கீழே இழுப்பது தெரிய வேண்டும். இந்தக் கொட்டாவிச் சோதனை பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதால் தினமும் செய்ய வைப்பது சுலபம்.

மறைந்த செலவு இங்கேதான் இருக்கிறது. கெட்டி நுரை ஒருமுறை நசுங்கினால் திரும்பி எழாது. பலமாக ஒரு அடி பட்டால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அது முடிந்த கதை, வேறு வாங்க வேண்டும். அதனால்தான் அடுத்த வீட்டு அண்ணன் போட்ட பழைய ஹெல்மெட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்கிறேன். அதன் கதை உங்களுக்குத் தெரியாது. வெயிலில் நிற்கும் கார் டிக்கியிலும் வைக்க வேண்டாம், சூடு நுரையையும் பசையையும் கெடுக்கும். இன்னொன்று: வகுப்பு முடிந்து பக்கத்துச் சறுக்குமரத்துக்கு ஓடுவதற்கு முன் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு இடையே உடம்பு நுழைந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் வார் கழுத்தை நெரிக்கும்.

## பேட்: செட்டா, தனித்தனியா?

இங்கேதான் ஸ்கேட்டும் ஸ்கூட்டரும் பிரிகின்றன.

ஸ்கேட்டிங்கில் எலும்பு முறிவு என்றால் பெரும்பாலும் மணிக்கட்டு. இன்லைன் ஸ்கேட்டர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 1996-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மணிக்கட்டுக்கான பேடான ரிஸ்ட் கார்டு போடாதவர்களுக்கு அங்கே அடிபடும் வாய்ப்பு, போட்டவர்களைவிடச் சுமார் 10 மடங்கு என்று அது கண்டது. முழங்கை பேடுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலன். முழங்கால் பேடுக்குப் பலன் அவ்வளவு அழுத்தமாகத் தெரியவில்லை. நாம் வாங்கும்போது தலைகீழாகச் செய்கிறோம்: முழங்கால் பேடைத் தட்டித் தட்டிப் பார்க்கிறோம், ரிஸ்ட் கார்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நல்ல ரிஸ்ட் கார்டில் உள்ளங்கைப் பக்கம் வளைந்த கெட்டி பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கும். விழும்போது அது தரையில் சறுக்கிக்கொண்டு போகும், மணிக்கட்டு பின்னால் மடங்காமல் தாங்கும். கடையில் அந்தப் பட்டையைக் கட்டைவிரலால் மடக்கிப் பாருங்கள். நோட்டுப் புத்தக அட்டை போல மடங்கினால் அதை வைத்துவிடுங்கள். செட்டுகளில் வருவது பெரும்பாலும் இந்த ரகம்தான். சிலவற்றில் பட்டையே இருக்காது, விரல் வெட்டிய கையுறை மட்டும். கார்டு மணிக்கட்டைத் தாண்டி முன்கையில் நான்கு விரல் அகலமாவது ஏற வேண்டும்.

அதே ரிஸ்ட் கார்டை ஸ்கூட்டருக்குப் போடக்கூடாது. கெட்டிப் பட்டை உள்ளங்கைக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் நிற்பதால் பிடி சரியாக விழாது, திருப்பவும் கைப் பிரேக் இருந்தால் அழுத்தவும் சிரமம். கிக் ஸ்கூட்டர்கள் பரவத் தொடங்கிய 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே இந்த எச்சரிக்கையைக் கொடுத்தது. ஸ்கூட்டருக்கு ஹெல்மெட், முழங்கால், முழங்கை போதும். உள்ளங்கைத் தோல் சிராய்க்கிறது என்றால் விரல் வெட்டிய சைக்கிள் கையுறை போடலாம். ஆகவே "ஆறு பீஸ் செட், ஸ்கேட்டிங், ஸ்கூட்டர், சைக்கிள் எல்லாத்துக்கும்" என்று அட்டையில் இருப்பதை அப்படியே நம்பாதீர்கள். செட்டாக வாங்குவதில் தப்பில்லை. எதற்கு எதை மாட்டுவது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

முழங்கால், முழங்கை பேடில் இரண்டு ரகம். துணியும் நுரையும் மட்டும் உள்ளது ஒன்று, மேலே கெட்டி பிளாஸ்டிக் மூடி உள்ளது இன்னொன்று. வாலிபால் ஆடுபவர்கள் மரத்தரையில் போடுவது முதல் ரகம். சிமென்டிலும் தாரிலும் துணி தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு சட்டென்று நின்று வேகமெல்லாம் கைக்கும் தோளுக்கும் போகும். பிளாஸ்டிக் மூடி சறுக்க விடும். எனவே மூடி உள்ளதே சரி. அதிலும் மூடியை ஆணி வைத்து அடித்திருக்கிறார்களா, பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்று விளிம்பை நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஒட்டியது கொஞ்ச நாளில் பிய்ந்துவிடும். ஐரோப்பியத் தரத்தில் இதற்கு எண் ஈ.என். 14120.

பொருத்தத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒல்லிக் கால்கள். "ஸ்மால்" என்று போட்டிருப்பதும் கணுக்காலுக்கு இறங்கிவிடும். வெறும் எலாஸ்டிக் மட்டும் உள்ளதை விட, மேலும் கீழும் வெல்க்ரோ பட்டை உள்ளதையே எடுங்கள். போட்டுவிட்டுப் பத்து முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், பிறகு மூடியைப் பிடித்துக் கீழே இழுங்கள். முழங்கால் சில்லின் மேல் அப்படியே இருந்தால் சரி. வெறும் காலில் போட்டால் வியர்வையில் நழுவும், தோலும் சிவக்கும். பருத்தி லெக்கின்ஸுக்கு மேலே போட்டால் இரண்டும் தீரும். காலுறை போல உருவிப் போடும் ரகம் நழுவாது என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஷூவையும் ஸ்கேட்டையும் கழற்றியாக வேண்டும். எட்டு வயதில் அந்தப் பொறுமை இல்லாமல் "இன்னிக்கு வேண்டாம்மா" என்று தொடங்கிவிடும்.

## ஸ்கூட்டர்: "ஆடாதது" எது?

மூன்று சக்கரம் என்றால் ஆடாது, இரண்டு என்றால் ஆடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நின்ற இடத்தில் அது உண்மை. ஓடும்போது பிள்ளையைத் தள்ளிவிடுவது வேறு நான்கு விஷயங்கள்: சக்கரத்தின் அளவு, நிற்கும் பலகையின் உயரம், ஹேண்டில் உயரம், மடக்கும் இடத்தில் இருக்கும் ஆட்டம்.

சக்கரம் சின்னதாக இருந்தால் சின்னக் கல்லும் அதற்குச் சுவர். விட்டம் கூடக் கூட அதே கல்லின் மேல் ஏறிப் போய்விடும். பலகை தரையிலிருந்து உயர உயர, ஊன்றி நிற்கும் கால் ஒவ்வொரு உதைப்புக்கும் கூடுதலாக மடங்கியாக வேண்டும். சீக்கிரம் களைத்துத் தள்ளாடும். ஹேண்டில் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் கைகள் தோள் உயரத்துக்கு ஏறித் திருப்பும் பலம் போய்விடும்.

| | மூன்று சக்கரம், சாய்த்துத் திருப்புவது | இரண்டு சக்கரம், 125–145 மி.மீ. | இரண்டு சக்கரம், 200 மி.மீ. | ஸ்டன்ட் ஸ்கூட்டர் |
|---|---|---|---|---|
| எட்டு வயதுக்கு அளவு | ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பெரிய மாடல் மட்டும் | பொருந்தும் | ஹேண்டிலின் தாழ்ந்த நிலையும் உயரமாகலாம் | ஹேண்டில் உயரம் மாறாது |
| பேவர் பிளாக், கரடுமுரடு | ஒரு பக்கச் சக்கரம் மாட்டினால் இழுக்கும் | சமாளிக்கும் | மிக நன்றாக ஓடும் | மோசம் |
| எடை | குறைவு | நடுத்தரம் | அதிகம், பிள்ளை தூக்க முடியாது | நடுத்தரம் |
| மறைந்த செலவு | சீக்கிரம் வேகம் போதாமல் ஒதுக்குவது | சக்கரம், பேரிங் | கைப் பிரேக் கேபிள் | சின்னக் கெட்டிச் சக்கரம், வளர்ந்தால் மாற்றுவது |
| எப்போது நல்லது | சமநிலை பயம் உள்ள பிள்ளைக்கு, வழவழ தரையில் | பெரும்பாலான வீடுகளுக்கு | 140 செ.மீ. தாண்டிய பிள்ளைக்கு | ஸ்கேட் பார்க்குக்கு மட்டும் |

மூன்று சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல மாடல்களில் ஹேண்டில் திரும்பாது. உடம்பைச் சாய்த்தால்தான் வண்டி திரும்பும். ஸ்கேட்டில் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிச் சாயும் பழக்கத்துக்கு இது நெருக்கமானது. ஆனால் ஏற்கெனவே சைக்கிள் ஓட்டும் பிள்ளை ஹேண்டிலை முறுக்கிப் பார்த்துவிட்டு "இது திரும்பவே மாட்டேங்குது" என்று வெறுத்துப் போகும். வேகமாகச் சட்டென்று சாய்த்தால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்; உயரமான பிள்ளைக்கு இது சீக்கிரம் நடக்கும். அட்டையில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையையும் பாருங்கள். இருபது கிலோ வரை என்று போட்ட பொம்மை ஸ்கூட்டர்கள் கடையில் நிறைய இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை சராசரியாக அதை ஏற்கெனவே தாண்டியிருக்கும்.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டிய ஒரே முக்கியச் சோதனை: முன்சக்கரத்தை உங்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கி, ஹேண்டிலை இடமும் வலமும் முறுக்குங்கள். பிறகு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால், மடக்கும் கொக்கியில் புதிதாக இருக்கும்போதே இடைவெளி இருக்கிறது என்று பொருள், ஓட ஓடக் கூடும். அடுத்து, பிள்ளையைப் பலகையில் நிற்க வைத்துப் பின்சக்கரத்தின் மேல் இருக்கும் கால் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். சில பிரேக்குகளின் ஸ்பிரிங் பெரியவர் எடைக்குத்தான் இறங்கும்.

சக்கரம் பாலியூரித்தேனா, கெட்டி பிளாஸ்டிக்கா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். பாலியூரித்தேன் லேசாக நகத்தை வாங்கும், தரையைப் பிடிக்கும். கெட்டி பிளாஸ்டிக் ஈரச் சிமென்டில் வழுக்கும், பேவர் பிளாக்கில் காது கிழியச் சத்தம் போடும். கீழ்வீட்டுக்காரர் புகாரும் ஒரு மறைந்த செலவுதான். உதிரிச் சக்கரம் கிடைக்காத பெயர் தெரியாத வண்டியை விட, பேரிங் 608 என்ற பொது அளவில் இருப்பதை எடுங்கள். அது எந்த ஸ்கேட் கடையிலும் கிடைக்கும்.

## ஸ்கூட்டர் இல்லாமல் நேராக ஸ்கேட்?

ஸ்கூட்டர் ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலையைக் கற்றுத் தரும். இரண்டு காலையும் மாற்றி மாற்றி உதைக்கச் சொன்னால் பலன் கூடும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே காலிலேயே உதைத்துப் பழகிவிடுவார்கள். ஆனால் ஸ்கேட்டில் விழும் விதம், எழும் விதம், நிறுத்தும் விதம் எதையும் ஸ்கூட்டர் சொல்லித் தராது. ஆகவே அதைக் கட்டாய முதல் படியாக நினைக்க வேண்டாம். பக்கத்தில் நல்ல தளமும் மாஸ்டரும் இருந்தால் நேராக வகுப்புக்குப் போகலாம். தளம் இல்லை, தெருதான் என்றால் ஸ்கூட்டர்தான் புத்திசாலித்தனம். சக்கர ஸ்கேட் தெருவுக்கு ஏற்றது அல்ல.

வகுப்பில் சேர்ப்பதற்கு முன்பே ஸ்கேட் வாங்கிவிடாதீர்கள். ஷூவோடு வைத்துக் கட்டும் டெனாசிட்டி ரகத்தைச் சில மாஸ்டர்கள் தொடக்கத்துக்கு ஏற்றுக்கொள்வார்கள், சிலர் ஷூ பதித்த குவாடுதான் வேண்டும் என்பார்கள். முதலில் போய்ப் பார்த்துக் கேளுங்கள். இரவல் ஸ்கேட் தருகிறார்களா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடலாம்.

## ஒரு வீட்டுக் கணக்கு

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். பெண் எட்டு வயது, உயரம் 124 சென்டிமீட்டர், எடை 24 கிலோ, தலைச்சுற்று 52. சைக்கிள் ஓட்டத் தெரியும். வளாகம் முழுக்கப் பேவர் பிளாக், கீழ்த்தளப் பார்க்கிங்கில் மட்டும் வழவழ சிமென்ட். வார இறுதியில் வகுப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்.

ஹெல்மெட்டில் கடைகளில் சாதாரணமாக 48–52, 52–56 என்று இரண்டு அளவு வரும், இவள் அளவு சரியாக எல்லையில் நிற்கிறது. இரண்டையும் போட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்கக்கூடாத தலை இது. சின்ன அளவு நெற்றியில் அழுந்திச் சிவப்புக் கோடு போட்டால் பெரியதை எடுத்துப் பின்னால் இருக்கும் திருகுச் சக்கரத்தை இறுக்க வேண்டும். அதன் பிறகும் குனிந்து ஆட்டினால் விழுகிறதென்றால் வேறு கம்பெனியின் வடிவத்துக்குப் போக வேண்டும், உள்ளே கூடுதல் ஸ்பாஞ்சு ஒட்டிச் சரிக்கட்டக் கூடாது. வடிவம் கிண்ணம், தரம் ஈ.என். 1078. இதற்கு ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு வரை ஒதுக்குவேன்.

பேடுக்கு ஆயிரத்தைச் சுற்றி. கெட்டிப் பட்டை ரிஸ்ட் கார்டு முதலில், பிறகு முழங்கை, பிறகு முழங்கால். செட்டில் ரிஸ்ட் கார்டு தேறவில்லை என்றால் அதைத் தனியாக வாங்கி, மற்றதைச் செட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு. இதில் ஸ்கேட்டும் ஸ்கூட்டரும் இரண்டும் நல்லதாக வராது. இரண்டையும் மலிவாக வாங்கும் ஆசை இங்கேதான் வரும், வேண்டாம். வகுப்பில் இரவல் ஸ்கேட் கிடைத்தால் இந்தப் பணத்தை 125 மி.மீ.க்குக் குறையாத பாலியூரித்தேன் சக்கரம் வைத்த இரண்டு சக்கர ஸ்கூட்டருக்குப் போடலாம். பேவர் பிளாக்கில் அதுதான் ஓடும், சைக்கிள் தெரிந்தவளுக்கு மூன்றாவது சக்கரம் தேவையில்லை. இரவல் கிடைக்காது என்றால் பணம் ஸ்கேட்டுக்கு, ஸ்கூட்டர் பிறந்தநாளுக்கு. அதுவரை ஸ்கேட் பழக்கம் கீழ்த்தளப் பார்க்கிங்கில், கார்கள் வெளியே போன நேரம் பார்த்து, பெரியவர் ஒருவர் சரிவுப் பாதையின் வாயிலில் நின்றபடி.

வீட்டில் ஐந்து வயதுத் தம்பி இருந்தால் ஸ்கூட்டரைப் பகிரலாம், ஹேண்டிலை இறக்கினால் போதும். ஹெல்மெட்டைப் பகிர வைக்காதீர்கள். அவன் கையில் போனால் திருகுச் சக்கரமும் வாரும் அவன் தலைக்கு மாறிவிடும், அடுத்த நாள் வகுப்பு அவசரத்தில் அதை யாரும் திருப்பி வைக்க மாட்டார்கள். அவனுக்குத் தனி.